ஒன்பது மூட்டை உப்பு: இரண்டு ஊர்க் கதை ஒன்றைக் கட்டிய விதம்

உப்பு விளைகிற ஊர்ச் சிறுமி செல்லியின் வீட்டார் ஒன்பது மூட்டை உப்பை நெல் விளைகிற ஊரில் மாற்றப் போகிற கதை இது. இருப்பது போதாதபோது ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டாக வேண்டும் என்று காட்ட எழுதியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை வாசித்துக்காட்டிவிட்டு, “செல்லி வீட்டுக்கு எது வரல?” என்று மட்டும் கேட்க வேண்டும். இப்போதைய வடிவத்தில் “ஆட்டுக்குட்டி” என்ற பதில் உடனே வருகிறது. “ஏன் வரல?” என்றால், “குடம் வாங்கிட்டாங்கல்ல, அதான்” என்கிறார்கள். இந்த இரண்டாவது பதிலுக்காகத்தான் இவ்வளவு வேலையும். முந்தைய வடிவங்களைக் கேட்ட பிள்ளைகள் “ரெண்டு ஊரும் நண்பர்களா இருந்தாங்க” என்றார்கள். நல்ல பதில்தான். ஆனால் கதை எதைச் சொல்ல எழுதப்பட்டதோ அது அதில் இல்லை.

வேலைக்கான சட்டகம் இது. வயது 7 முதல் 9 வரை. நான்கு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 16 பக்கம். அட்டை, தலைப்பு, பின்பக்கம், விளையாட்டுப் பக்கம் போகக் கதைக்கு 12 பக்கம் மிஞ்சும். பக்கத்துக்கு 40 சொல்லுக்கு மேல் போகக் கூடாது, மேல்பாதி படத்துக்கு. ஆக, மொத்தக் கதையும் 480 சொல்லுக்குள் முடிந்தாக வேண்டும். “தேவை”, “வளம்”, “பற்றாக்குறை” போன்ற பாடநூல் சொல் ஒன்றுகூடக் கதைக்குள் வரக் கூடாது என்பதும் முதலிலேயே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

பொருள் தேர்வில் அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. உப்பும் நெல்லும். உப்பு விளைகிற மண்ணில் நெல் விளையாது, நெல் விளைகிற ஊரில் உப்பு கிடையாது. ஏன் மாற்றிக்கொள்கிறார்கள் என்று பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். மாற்று விகிதமும் கையில் இருந்தது. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் உப்பு வணிகரான உமணரின் மகள் சேரியில் “நெல்லின் நேரே வெண்கல் உப்பு” என்று கூவி விற்கிறாள். ஓர் அளவு நெல்லுக்கு அதே அளவு உப்பு. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட எளிய விலை கிடைக்காது: ஒரு மூட்டைக்கு ஒரு மூட்டை. பெருக்கலும் இல்லை, வகுத்தலும் இல்லை.

ஒன்றை மட்டும் படம் போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரே மரக்காலில் அளந்தாலும் கல்லுப்பு நெல்லைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். 50 கிலோ நெல் பிடிக்கிற சாக்கில் உப்பை நிரப்பினால் 100 கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும். அதனால் உப்பு மூட்டையைச் செல்லி தனியாகத் தூக்குவதுபோல் வரையக் கூடாது. இரண்டு பெரியவர்கள் முனைக்கு ஒருவராகப் பிடித்து வண்டியில் ஏற்ற வேண்டும். ஒன்பது மூட்டை என்றால் 900 கிலோ, இரட்டை மாட்டு வண்டி சமதரையில் இழுக்கக்கூடிய பாரம்.

முதல் வடிவம் எல்லாரும் எழுதுகிற மாதிரியானது. ஓர் ஊரில் உப்பு குவிந்து கிடக்கிறது, இன்னோர் ஊரில் நெல் குவிந்து கிடக்கிறது, மாற்றிக்கொள்கிறார்கள், இரண்டு ஊரும் மகிழ்ச்சி. படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அதில் யாரும் எதையும் விடவில்லை. மிச்சத்தைக் கொடுத்து மிச்சத்தை வாங்கும்போது தேர்வே இல்லை. பகிர்ந்துகொள்வதைப் பற்றிய கதையாக அது போதும், பற்றாக்குறையைப் பற்றிய கதையாகப் போதாது. இந்தத் தலைப்பில் எழுதுகிற கதையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கதையை முடித்துவிட்டு, வாங்காமல் விட்ட பொருளின் பெயரை எழுதிப் பாருங்கள். பெயர் வரவில்லை என்றால் கதையில் தேர்வு இல்லை.

இரண்டு ஊரும் இரண்டு பொருளையும் செய்யும், ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றில் ஒப்பீட்டளவில் கெட்டி என்ற இன்னொரு வழியும் உண்டு. 1817இல் பொருளியலாளர் ரிக்கார்டோ துணியையும் ஒயினையும் வைத்துச் சொன்ன கணக்கு அது. இங்கிலாந்துக்குத் துணிக்கு 100 ஆள், ஒயினுக்கு 120. போர்ச்சுகலுக்கு 90, 80. நான்கு எண்ணையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அது விளங்கும். கேட்டுக்கொண்டே வருகிற பிள்ளைக்கு இரண்டு எண்ணுக்கு மேல் நிற்பதில்லை. அதனால் அந்த வழியை எடுக்கவில்லை. பத்து வயதுக்கு மேல், தாளில் எழுதிப் பார்க்கிறவர்களுக்கு அது தனிக் கதையாக இருக்கட்டும்.

அடுத்தது எண்கள். கதையின் முதுகெலும்பு இங்கேதான் இருக்கிறது, எழுத்தைவிட இதற்குத்தான் அதிக நேரம் போனது. செல்லி வீட்டுக்கு மழைக்காலம் ஓட்ட நெல் 6 மூட்டை வேண்டும். ஆட்டுக்குட்டி 3 மூட்டை உப்பு. செப்புக் குடம் 3 மூட்டை உப்பு. மொத்தம் 12 வேண்டும், இருப்பது 9. முதலில் போட்ட கணக்கில் உப்பு 10, குட்டி 4, குடம் 2 என்று இருந்தது. நெல்லும் குடமும் வாங்கினால் 2 மூட்டை மிஞ்சும். உடனே பிள்ளைகள் “மிச்சத்தை எடுத்து வச்சு அடுத்த வருஷம் குட்டி வாங்கலாமே” என்று சேமிப்புக்குப் போய்விட்டார்கள். கெட்டிக்கார யோசனைதான், ஆனால் அது வேறு பாடம். குட்டியும் குடமும் ஒரே விலையாக இருந்து, எதை எடுத்தாலும் மிச்சம் பூச்சியமாக வந்தால்தான் கேள்வி கூர்மையாக நிற்கும். மண்குடம் என்றால் இந்த விலை பொருந்தாது, அதனால்தான் செப்புக் குடம்.

நெல் 6 மூட்டை என்பதும் வாய்க்கு வந்த எண் இல்லை. 50 கிலோ மூட்டை ஆறு என்றால் 300 கிலோ. நெல்லைக் குத்தினால் மூன்றில் இரண்டு பங்கு அரிசி தேறும், அதாவது 200 கிலோ. நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்றால் 1.6 கிலோ. 125 நாள் வரும். ஐப்பசியிலிருந்து தை முடிய நான்கு மாதம் ஓடிவிடும். இந்தக் கணக்கு கதையில் எங்கும் வராது. ஆனால் “ஒரு மூட்டை நெல் எத்தனை நாளைக்கு?” என்று யாராவது கேட்டால் “20 நாள்” என்று தயங்காமல் சொல்லலாம். பின்னால் விளையாட்டுப் பலகைக்கும் இதுதான் கை கொடுத்தது.

எண் சரியாக அமைந்த பிறகும் கதை சறுக்கியது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று சறுக்கலும் ஒரே வகை.

முதலாவது, மழை. செல்லி வீட்டில் 12 மூட்டை இருந்தது, எதிர்பாராத மழையில் 3 கரைந்துபோனது, மிஞ்சியது 9 என்று ஒரு வடிவம். பரபரப்பான பக்கம், படமும் அழகாக அமைந்தது. வாசித்து முடித்ததும் பிள்ளைகள் சொன்னது: “மழை பெய்யலன்னா பிரச்சினையே இல்ல.” போதாமை என்பது கெட்ட நேரத்தால் எப்போதாவது வருவது என்று கதை சொல்லிக்கொடுத்துவிட்டது. நல்ல வருஷத்திலும் 9 மூட்டைதான், ஆசைதான் 12 என்று இருக்க வேண்டும். எனவே மழையைச் சேதமாக வைக்காமல் எல்லையாக மாற்றியாயிற்று. உப்பளத்தில் கோடைதான் பருவம், ஐப்பசி மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். பக்கம் 3 இப்போது இப்படி இருக்கிறது:

“அம்மா, இன்னும் கொஞ்சம் வாரலாமா?” என்றாள் செல்லி.
“நம்ம பாத்தி இவ்வளவுதாண்டி. வெயிலும் முடிஞ்சுது. ஐப்பசி மழை விழுந்தா வாரி வச்சதும் கரைஞ்சிடும்.”
செல்லி மூட்டைகளை எண்ணினாள். போன வருஷமும் ஒன்பது. இந்த வருஷமும் ஒன்பது.

“போன வருஷமும் ஒன்பது” என்ற மூன்று சொல்தான் முக்கியம். அதை எடுத்துவிட்டு வாசித்தால் “அடுத்த வருஷம் நிறைய வரும்ல?” என்ற கேள்வி திரும்ப வருகிறது.

இரண்டாவது, பேரம். “நெல்லுக்காரங்க கொஞ்சம் கூடக் கொடுத்தா என்ன?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த வடிவத்தில் நெல் ஊரான மருதவயல் ஒரு கடைபோலத்தான் இருந்தது. நெல் எடுக்க எடுக்கக் குறையாமல் வந்தது. இரண்டாவது ஊர் எதற்கு என்பது இங்கேதான் பிடிபட்டது. எதிரில் நிற்பவரும் எண்ணிக்கொண்டுதான் நிற்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். செல்லி நெல் வாங்குகிற மருதவயல் வீடுகளில் ஒன்று சிறுவன் வேலனுடையது. அங்கே குறுவை அறுத்தாயிற்று. சாப்பாட்டுக்கும் விதைக்கும் ஒதுக்கியது போக வெளியே கொடுக்க 3 மூட்டைதான். தாளடிக்கு உழ வேண்டும், கலப்பையின் கொழு தேய்ந்துபோயிற்று. கொல்லர் புதுக் கொழுவுக்கு 2 மூட்டை கேட்கிறார். உப்பு 1. வேலன் கேட்ட சட்டை 1. வேண்டியது 4, இருப்பது 3. பக்கம் 7:

“அத்தை, ஒரு மூட்டை உப்புக்கு ஒன்றரை மூட்டை நெல் தாங்களேன்” என்றாள் செல்லி.
வேலனின் அம்மா மூன்று மூட்டையையும் தொட்டுக் காட்டினாள். “இது ரெண்டும் கொழுவுக்கு. இது ஒண்ணு உனக்கு. இவன் சட்டை கேட்டு அழுறான், அதுக்கே நெல் இல்ல கண்ணு.”
செல்லி வேலனைப் பார்த்தாள். அவன் சட்டைத் தோளில் கிழிசல்.

இந்தப் பக்கம் சேர்ந்ததிலிருந்து பேரக் கேள்வி வரவில்லை. “ஒரு மூட்டை உப்பை அவங்க என்ன செய்வாங்க?” என்று மட்டும் கேட்கிறார்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரே வாக்கியம்: குழம்புக்கு, ஊறுகாய்க்கு, வத்தலுக்கு, மாட்டுத் தொட்டிக்கு, தென்னை மரத்துக் குழிக்கு.

“குட்டிக்காரர் உப்பு வேண்டாம்னு சொல்லிட்டா?” என்ற கேள்விக்கும் இடம் வைக்கக் கூடாது. அது பணம் எப்படி வந்தது என்ற கதைக்குக் கொண்டுபோய்விடும். அதனால் குட்டி வைத்திருப்பவரும் குடம் செய்கிற கன்னாரும் மருதவயல்காரர்கள், இருவர் வீட்டிலும் உப்புப் பானை காலி. மூன்றாவது ஊர் ஒன்றை எந்தக் காரணத்துக்காகவும் கதைக்குள் விடாதீர்கள்.

மூன்றாவது சறுக்கல் முடிவில். செல்லி குடத்தைத் தேர்ந்தெடுக்கிறாள், அவள் நல்ல மனசைப் பார்த்து வேலன் வீட்டார் குட்டியைச் சும்மாவே கொடுக்கிறார்கள். கைதட்டல் கிடைத்த முடிவு அது. ஆனால் அந்த ஒரு பக்கம் முந்தைய பதினொரு பக்கத்தையும் அழித்துவிட்டது. சரியாகத் தேர்ந்தெடுத்தால் விட்டதும் சேர்ந்து கிடைக்கும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். குட்டி வரக் கூடாது. கடைசிப் பக்கத்திலும், பின்னட்டைப் படத்திலும்கூட வரக் கூடாது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் ஒன்றுதான். பிள்ளை ஒவ்வொரு முறையும் தப்பிக்க ஒரு வழி தேடுகிறது: இன்னும் உப்பு, இன்னும் நெல், இனாம். அந்த வழிகளைக் கதை நியாயமான காரணம் காட்டி ஒவ்வொன்றாக அடைத்தால்தான், கடைசியில் “குட்டியா, குடமா?” என்ற கேள்வி நிஜமாகிறது. அம்மா அதட்டி அடைத்தால் பிள்ளை ஒத்துக்கொள்ளாது. பாத்தியின் அளவும் பருவமும் எதிர்வீட்டு மூட்டைக் கணக்கும் அடைத்தால் ஒத்துக்கொள்கிறது.

தேர்வுப் பக்கத்தில் எச்சரிக்கை ஒன்று. குடம் புத்திசாலித்தனம், குட்டி விளையாட்டுத்தனம் என்று தராசு சாய்ந்துவிட்டால் கதை உபதேசமாகிவிடும். இரண்டுக்கும் சம எடை கொடுக்க வேண்டும். குட்டிக்கு: வளர்ந்தால் பால், கூடவே வருகிற துணை. குடத்துக்கு: நல்ல தண்ணீர் ஊற்று மணல் மேட்டுக்கு அப்பால், மண்குடம் அந்த வழியில் உடைந்துகொண்டே இருக்கிறது, அம்மா நாளுக்கு நான்கு நடை நடக்கிறாள். முடிவை அம்மா சொல்லக் கூடாது. பக்கம் 10:

“குட்டியா, குடமா? நீயே சொல்லு” என்றாள் அம்மா.
செல்லி குட்டியின் காதைத் தடவினாள். அது அவள் விரலைச் சப்பியது.
பிறகு அம்மாவின் காலைப் பார்த்தாள். மணல் சுட்டுக் கொப்புளம்.
“குடம்” என்றாள். சொல்லிவிட்டுக் குட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விட்டதைக் கண்ணுக்குக் காட்டும் வேலையைச் சொல்லைவிடப் படம் நன்றாகச் செய்கிறது. பக்கம் 4இல், சந்தைக்குப் போகும் முன்பே, குட்டியைக் கட்ட வாசலில் செல்லி ஒரு முளைக்குச்சி அடித்துவைக்கிறாள். பக்கம் 12இல் அம்மா புதுக் குடத்தில் தண்ணீர் கொண்டுவருகிறாள், பக்கத்தில் அந்த முளைக்குச்சி வெறுமனே நிற்கிறது. அதே படத்தின் மறுபாதியில் வேலனின் அப்பா புதுக் கொழுவால் உழுகிறார், வேலன் அதே கிழிந்த சட்டையோடு வரப்பில் நிற்கிறான். இரண்டையும் பற்றி எழுத்தில் ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் தாங்களே விரல் வைத்துக் காட்டுகிறார்கள்.

விளையாட்டுப் பக்கத்துக்கு 9 புளியங்கொட்டை போதும். நெல், குட்டி, குடம் என்று மூன்று கட்டம். அதில் கொட்டையை வைத்துப் பிள்ளையே பங்கிட வேண்டும். முதல் பலகையில் நெல் ஒரே பெரிய கட்டமாக இருந்தது. அதில் 3 கொட்டையை மட்டும் வைத்துவிட்டு, குட்டி, குடம் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதைத் தப்பு என்று சொல்லக் கூடாது, அதுவும் ஒரு தேர்வுதான். அதன் விலைதான் பலகையில் தெரியவில்லை. இப்போது நெல் கட்டம் ஆறு சிறு சோற்றுப் பானைகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் “20 நாள்”. மூன்று பானை காலியாக இருந்தால் 60 நாள் சோறில்லை என்று பிள்ளையே எண்ணிச் சொல்கிறது. குட்டி, குடம் கட்டங்களில் மூன்று குழிகள் வரைந்து, “மூன்றும் நிரம்பினால்தான்” என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கொட்டையை மட்டும் வைத்துப் பாதிக் குட்டி கேட்பார்கள்.

அச்சு வேலை சுலபம். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் பக்க அளவு ஏ5, எழுத்து 18 புள்ளி. அச்சிடும்போது `Brochure` என்பதைத் தேர்ந்தெடுத்தால் பக்கங்களை மடிப்புக்கு ஏற்றபடி அதுவே அடுக்கிக்கொள்ளும். இருபுறமும் அச்சிடுவதில் `Flip on short edge` கொடுக்க வேண்டும், மாற்றிக் கொடுத்தால் ஒன்றுவிட்டு ஒரு பக்கம் தலைகீழாக வரும். மொத்தப் பக்கம் நாலால் வகுபட வேண்டும். கறுப்பு-வெள்ளை நகல் ஒரு புறத்துக்கு 2 ரூபாய் என்றால் எட்டுப் புறத்துக்கு 16 ரூபாய். நடுமடிப்பில் இரண்டு பின். சாதாரண ஸ்டேப்ளர் மடிப்பு வரை எட்டாது. நீளக் கை ஸ்டேப்ளர் இல்லாவிட்டால் ஊசியால் மூன்று துளை போட்டு நூலால் தைத்துவிடலாம், அது இன்னும் உறுதி. சாம்பல் நிழல் நகலில் அப்பிக்கொள்ளும், கோட்டுப் படமே நல்லது. கிழிந்த சட்டையும் முளைக்குச்சியும் தடித்த கோட்டில் இருக்கட்டும், மெல்லிய கோடு நகலெடுத்தால் காணாமல் போகிறது.

அடுத்த பதிப்பில் ஒன்றை மாற்ற வேண்டும். வேலன் வீட்டுக் கணக்கு இப்போது ஒரே பக்கத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. அதே சந்தை நாளை அவன் பக்கத்திலிருந்து எழுதி, புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து படிக்கும்படி அமைக்கலாம். ஆளுக்கு ஆறு பக்கம். நடுப்பக்கத்தில் இரண்டு கதையும் சந்தித்து, ஒரு மூட்டை உப்பும் ஒரு மூட்டை நெல்லும் கை மாறும். அதற்குச் செல்லி பக்கத்திலிருந்து ஏறக்குறைய பாதிச் சொல்லைக் குறைக்க வேண்டும். போன வருஷ ஒன்பது மூட்டையையும் முளைக்குச்சியையும் தவிர எதை வேண்டுமானாலும் வெட்டலாம்.